பச்சைச் சார்ட், ஒரே பல்பு, 340 பொம்மைகள்: ஓபன்சிவியில் பின்னணி நீக்கப் போய்க் கற்றவை

மாமா மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறார். போன ஆடி மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. நவராத்திரிக்கு முன்னாடியே எல்லா பொம்மைக்கும் படம் அனுப்பினால் ஆர்டர் எடுக்கலாம் என்று ஒரு வியாபாரி சொல்லியிருக்கிறார், ஆனால் படத்தில் பின்னணி எதுவும் இருக்கக் கூடாதாம், பொம்மை மட்டும் தனியாக நிற்க வேண்டுமாம். "மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றியே, ரெண்டு நாள் வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். மொத்தம் 340 பொம்மைகள். ஒவ்வொன்றையும் கையால் வெட்டுவது நடக்காத காரியம். பச்சை நிறத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுத்து, படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓபன்சிவியில் அந்தப் பச்சையை மட்டும் நீக்கிவிடலாம் என்று நினைத்துக் கிளம்பினேன். இரண்டு நாள் வேலை ஒன்பது நாள் ஆனது. நீக்கும் நிரல் பத்து வரிதான், மீதி நாள் எல்லாம் வெளிச்சம் பின்னணி முழுவதும் ஒரே மாதிரி விழாததால் போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நான் படித்த பாடங்கள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தோடு முடிந்துவிடுகின்றன.

என் ஏற்பாடு இப்படி. கடையில் வாங்கிய பச்சைச் சார்ட் பேப்பர், அகலம் ஏறக்குறைய 70 செ.மீ., சுவரில் ஒட்டி மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்கியிருந்தேன். அதன் மேலேயே பொம்மை. இடது பக்கம் ஒரு மஞ்சள் எல்இடி பல்பு, வலது பக்கம் ஜன்னல். ஸ்டாண்டில் போன்.

முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, `cv2.threshold` இல் ஓட்சு முறையைப் போட்டுப் பார்த்தேன். அது சரிவராது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. அந்த முறை படத்தில் இருக்கும் வெளிச்ச அளவுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து நடுவில் ஒரு கோடு போடுகிறது. பொம்மையில் வெள்ளைப் புடவையும் இருக்கிறது, கறுப்புக் கூந்தலும் இருக்கிறது, பச்சை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே கோட்டில் பிரிக்கவே முடியாது. நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டிய இடத்தில் வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது எல்லோரும் செய்வது: எச்எஸ்விக்கு மாற்றி `cv2.inRange`. ஹ்யூ என்பது எந்த நிறம், சாச்சுரேஷன் என்பது அந்த நிறம் எவ்வளவு அழுத்தம், வேல்யூ என்பது எவ்வளவு வெளிச்சம். ஓபன்சிவியில் 8 பிட் படத்துக்கு ஹ்யூ 0 முதல் 179 வரைதான் போகும், மற்ற இரண்டும் 0 முதல் 255. நிறச் சக்கரத்தின் 360 டிகிரியை ஒரு பைட்டுக்குள் அடக்க இரண்டால் வகுத்து வைத்திருக்கிறார்கள், அதனால் சுத்தமான பச்சை 120 இல்லை, 60. வேறு மென்பொருளில் பார்த்த எண்ணை அப்படியே கொண்டுவந்து போட்டால் இந்த இடத்தில்தான் தப்பாகும்.

```python
hsv = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2HSV)
bgmask = cv2.inRange(hsv, (35, 100, 50), (85, 255, 255))
```

மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்த முதல் பத்துப் படம் அருமையாக வந்தது. தசாவதார செட்டில் நாலு பொம்மை முடித்துவிட்டேன். மாமாவிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எடுத்தவற்றை ஓட்டிப் பார்த்தால் வலது கீழ் மூலை முழுக்க நீங்காமல் அப்படியே நிற்கிறது, மேல் இடது பக்கம் பல்புக்கு நேரே ஒரு வட்டத் திட்டு நீங்காமல் நிற்கிறது, ஒரு பொம்மையின் இடுப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. அன்று இரவு முழுவதும் எல்லையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கீழ் எல்லையை இறக்கினால் மூலை நீங்குகிறது, உடனே பொம்மையில் ஓட்டை பெரிதாகிறது. ஏற்றினால் பொம்மை தப்பிக்கிறது, மூலை திரும்ப வந்துவிடுகிறது. ஆறு ஸ்லைடரையும் திருகிக்கொண்டே மூன்று மணி நேரம் போனது.

மறுநாள் காலையில் அதை விட்டுவிட்டு, வெறும் சார்ட்டை மட்டும் படம் எடுத்து, அதில் எட்டு இடங்களில் சின்னச் சின்ன சதுரம் எடுத்து எண்களை எழுதிப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வெளிச்சம் சமமாக இல்லை என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று வேறு வேறு கோளாறு என்பது அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொன்றும் வேறு எண்ணைக் கெடுக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்கிறேன்.

நல்ல வெளிச்சத்தில் என் பச்சை, ஓபன்சிவியின் வரிசைப்படி நீலம் 80, பச்சை 180, சிவப்பு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்எஸ்வியில் அது ஹ்யூ 65, சாச்சுரேஷன் 170, வேல்யூ 180. இப்போது வெளிச்சம் குறைந்து மூன்று எண்ணும் பாதியாகிறது: 40, 90, 30. ஹ்யூ அதே 65. சாச்சுரேஷன் அதே 170. வேல்யூ மட்டும் 90. அதாவது மூன்று நிறமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஹ்யூவுக்கும் சாச்சுரேஷனுக்கும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரண்டுமே விகிதங்கள்தான். எச்எஸ்வி வெளிச்ச மாற்றத்தைத் தாங்கும் என்று சொல்வது இதை வைத்துத்தான். அது உண்மை, ஆனால் இந்த ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும் உண்மை. இந்த வகைக்கு மருந்து சுலபம், வேல்யூவின் கீழ் எல்லையைத் தாராளமாக இறக்கிவிடலாம்.

ஆனால் எதுவரை இறக்கலாம்? வலது கீழ் மூலையில் எண்கள் 8, 18, 6 என்ற அளவுக்குப் போயிருந்தன. கணக்குப்படி அங்கேயும் ஹ்யூ 65தான். ஆனால் அந்த இருட்டில் சென்சாரின் இரைச்சல் ஒவ்வொரு எண்ணையும் ஒன்றிரண்டு மேலும் கீழும் ஆட்டுகிறது. 6, 18, 8 ஆனால் ஹ்யூ 55. 10, 16, 6 ஆனால் 72. வெறும் இரண்டு எண் ஆட்டத்துக்கு ஹ்யூ 17 தாவுகிறது. நல்ல வெளிச்சத்தில் அதே இரண்டு எண் ஆடினால் ஹ்யூ ஒன்றுகூட முழுசாக நகராது. இது போதாதென்று ஜேபெக் படத்தில் நிறத் தகவல் பொதுவாகப் பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது, இருட்டில் அது சதுரம் சதுரமாகத் திட்டுப் படிந்து நிற்கும். நீங்காத மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், உப்பும் மிளகும் தூவினது போலவோ கட்டம் கட்டமாகவோ இருந்தால் இந்தக் கோளாறுதான். எந்த எல்லையைப் போட்டாலும் அது சரியாகாது, வெளிச்சம்தான் வேண்டும்.

இரண்டாவது கோளாறு, பல்புக்கு நேரே விழுந்த வட்டத் திட்டு. நான் அதை வெறும் அதிக வெளிச்சம் என்று நினைத்திருந்தேன். அங்கே நடந்தது பெருக்கல் இல்லை, கூட்டல். சார்ட் பேப்பரின் மேல்பரப்பில் ஒரு மினுமினுப்பு உண்டு, பல்பின் வெளிச்சத்தில் ஒரு பங்கு பச்சைக்குள் போகாமலே கண்ணாடியில் படுவது போல மேல்பரப்பிலிருந்து திரும்பி வருகிறது. அந்தப் பங்கில் பச்சை இல்லை, பல்பின் நிறம்தான் இருக்கிறது. 80, 180, 60 மேல் தலா 75 கூட்டினால் 155, 255, 135. ஹ்யூ இன்னும் 65தான், ஆனால் சாச்சுரேஷன் 170 இலிருந்து 120 க்கு இறங்கிவிட்டது. இன்னும் 25 கூட்டுங்கள்: பச்சை 255 ஐத் தாண்ட முடியாது, முட்டி நிற்கும், மற்ற இரண்டும் ஏறும். 180, 255, 160. சாச்சுரேஷன் 95. என் கீழ் எல்லை 100, அதனால் அந்த இடம் பொம்மை என்று கணக்கில் சேர்ந்துவிட்டது. வெளிச்சத்தை எண்ணாக்கும்போது கேமரா போடும் வளைவான கணக்கை, அதாவது காமாவை, விட்டுவிட்டுச் சொல்கிறேன், உண்மையில் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் போகும் திசை இதுதான்.

எல்லையை 80 க்கு இறக்கினால் என்ன என்று கேட்கலாம். நானும் இறக்கினேன். அப்போதுதான் பொம்மையின் இடுப்பில் இருந்த ஓட்டை பெரிதானது. சரஸ்வதி பொம்மைக்கு வெள்ளைப் புடவை, மேலே பளபளப்பான வார்னிஷ். பச்சைச் சார்ட் பக்கத்திலேயே இருப்பதால் அதன் பச்சை புடவை ஓரத்தில் தெறித்து, அங்கே சாச்சுரேஷன் 80, 90 வரை ஏறியிருந்தது. ஆக, பின்னணியின் பச்சை வெளுத்து கீழே வருகிறது, பொம்மையின் வெள்ளை பச்சை ஏறி மேலே போகிறது, இரண்டும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன. அந்த இடத்தில் எல்லை போட யாராலும் முடியாது.

மூன்றாவது, எனக்குப் பிடிபட அதிக நேரம் ஆனது. இடது பக்கம் மஞ்சள் பல்பு, வலது பக்கம் ஜன்னல். மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு கூடுதல், சாயங்கால நிழல் வெளிச்சத்தில் நீலம் கூடுதல். இடது ஓரத்தில் 50, 180, 95: ஹ்யூ 50. வலது ஓரத்தில் 104, 180, 60: ஹ்யூ 71. ஒரே காகிதம், ஒரே படம், ஹ்யூ 21 தள்ளி நிற்கிறது. மதியம் ஜன்னல் வெளிச்சம் பல்பை அமுக்கிவிட்டதால் தெரியவில்லை, நாலு மணிக்கு இரண்டும் சமபலம் ஆனதும் வெளியே வந்துவிட்டது. இதில் பொம்மையின் நிழல் இன்னும் வேடிக்கை: பல்பு மறைக்கப்பட்ட நிழலுக்குள் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் விழுகிறது, அதனால் அந்த நிழல் வெறும் இருட்டாக இல்லை, நீலம் ஏறின பச்சையாக இருக்கிறது. பாடங்களில் நிழல் என்றால் வேல்யூ குறையும் என்று மட்டும் சொல்வார்கள். இரண்டு நிற விளக்கு இருக்கும் அறையில் நிழலுக்கு ஹ்யூவும் மாறும்.

மூன்று கோளாறையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்றால், வெறும் பின்னணிப் படத்தில் நல்ல இடம் ஒன்று, கெட்ட இடம் ஒன்று எடுத்து எச்எஸ்வி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேல்யூ மட்டும் மாறியிருந்தால் வெளிச்சக் குறைவு. சாச்சுரேஷன் விழுந்து வேல்யூ ஏறியிருந்தால் மினுமினுப்பு. வேல்யூ அவ்வளவாக மாறாமல் ஹ்யூ நகர்ந்திருந்தால் இரண்டு நிற விளக்கு. இது தெரியாமல் ஸ்லைடரைத் திருகினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே இருப்போம்.

இந்த இடத்தில் இரண்டு தப்பான வழியையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் இரண்டு பேர் நல்ல எண்ணத்தில் சொன்னவை. ஒன்று `cv2.adaptiveThreshold`, சமமில்லாத வெளிச்சத்துக்கென்றே இருப்பதுதானே என்றார் ஒருவர். அது ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடுகிறது. தாளில் இருக்கும் எழுத்துக்கு அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் எழுத்தின் கோடு ஒப்பிடும் கட்டத்தைவிட மெல்லியது, பக்கத்திலேயே வெள்ளைத் தாள் இருக்கும். பொம்மையின் வயிறு அப்படி இல்லை. 51 புள்ளிக் கட்டம் முழுவதும் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டால் அதற்கு ஒப்பிட வேறு எதுவும் இல்லை. எனக்குக் கிடைத்தது பொம்மையின் ஓரக்கோடும் நகைகளின் கோடும், உள்ளே வெறும் பொட்டல். கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் உள்பக்கம் நிரம்பும், ஆனால் அப்போது அது சாதாரண ஒற்றை எல்லையாகவே மாறிவிடுகிறது, மூலை திரும்ப வந்துவிடும்.

இன்னொருவர் எச்எஸ்வியை விட்டு லேப் நிறவெளிக்குப் போகச் சொன்னார், அதில் வெளிச்சம் தனிச் சேனலில் இருக்கிறது, மற்ற இரண்டையும் மட்டும் பார்த்தால் போதும் என்று. பாதி உண்மை. என் பச்சைக்கு ஓபன்சிவி லேப்பில் இரண்டாவது சேனல் ஏறக்குறைய 74 வருகிறது. எண்களைப் பாதியாக்கி 40, 90, 30 க்கு அதே கணக்கைப் போட்டால் 97. நிறமில்லாத சாம்பலுக்கு 128. அதாவது இருட்டாக ஆக நிறம் சாம்பலை நோக்கி நழுவுகிறது. மினுமினுப்பில்லாமல் வெளிச்சம் மட்டும் குறைகிற படத்துக்கு எச்எஸ்விதான் மேல். வெளிச்சம் நன்றாக இருக்கிற படத்தில், இருட்டு நிறங்களின் ஹ்யூ ஆடுவது தொந்தரவாக இருந்தால் லேப் நல்லது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை.

சரி, நான் என்ன செய்தேன். நிரலுக்கு முன்னால் விளக்கை மாற்றினேன், பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்தது.

பல்பு சார்ட்டின் இடது ஓரத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தது. வலது ஓரம் அங்கிருந்து 110 செ.மீ. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும், அதனால் இடது ஓரத்தில் விழுவது வலது ஓரத்தில் விழுவதைப் போல ஏழரை மடங்கு. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, நம் கண் அதைச் சமன்செய்துவிடும். பல்பை 2 மீட்டர் தள்ளி வைத்தேன். இப்போது ஓரங்களுக்குத் தூரம் 200, 270 செ.மீ., வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவு. மொத்த வெளிச்சம் குறைந்துவிடும், ஷட்டர் நேரம் அதிகம் தேவைப்படும், ஆனால் பொம்மை அசையப் போவதில்லை, போன் ஸ்டாண்டில் இருக்கிறது. பலம் கூடின பல்பு வாங்குவதைவிட இருக்கிற பல்பைத் தள்ளி வைப்பது நல்லது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலை ஜமுக்காளம் போட்டு மூடினேன். சார்ட்டைத் தூக்கிவிட்டு, மினுமினுப்பு இல்லாத பச்சை ஃபெல்ட் துணி இரண்டு மீட்டர் வாங்கி, சுருக்கம் போக இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டேன். பொம்மையைத் துணியிலிருந்து 60 செ.மீ. முன்னால், அதே துணி சுற்றின ஒரு முக்காலி மேல் வைத்தேன். பொம்மையின் நிழல் இப்போது படத்துக்கு வெளியே போய் விழுந்தது, புடவை ஓரத்தில் தெறித்த பச்சையும் பெருமளவு குறைந்தது. நிழலுக்கும் தெறிப்புக்கும் நிரலில் எழுதிய நாற்பது வரியை அன்று அழித்தேன்.

மீதி இருந்த சமமின்மைக்குத்தான் நிரல். வெறும் பின்னணியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொம்மைப் படத்தையும் அதனால் வகுப்பது. கழிப்பது இல்லை, வகுப்பது. வெளிச்சக் குறைவு ஒரு பெருக்கல் என்பதால் அதை எடுக்க வகுத்தல்தான் வேண்டும். கேமராவின் காமா இருந்தாலும் விகிதம் ஏறக்குறைய விகிதமாகவே இருக்கும், கழித்தால் அப்படி இருக்காது. அப்புறம் மூன்று சேனலையும் தனித்தனியாக வகுப்பதால், இடத்துக்கு இடம் மாறும் விளக்கின் நிறமும் சேர்ந்தே சரியாகிவிடுகிறது.

```python
bg = cv2.imread("empty.png").astype(np.float32)
bg = cv2.GaussianBlur(bg, (0, 0), 25)
img = cv2.imread("doll.png").astype(np.float32)
flat = img / np.maximum(bg, 1) * bg.mean(axis=(0, 1))
flat = np.clip(flat, 0, 255).astype(np.uint8)
```

பின்னணிப் படத்தை மங்கலாக்குவது துணியின் இழையும் இரைச்சலும் கணக்குக்குள் வராமல் இருக்க, நமக்கு வேண்டியது வெளிச்சத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் மட்டும்தான். மேலே இருப்பதில் எளிதாகத் தவறும் இடம் `np.float32`. அதை விட்டுவிட்டு, வகுத்ததும் முழு எண்ணாக மாற்றிவிட்டால் எல்லாம் 0, 1, 2 என்று நசுங்கிவிடும்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு, அதை மீறித்தான் எனக்கு ஒரு முழு நாள் போனது. வெறும் படத்துக்கும் பொம்மைப் படத்துக்கும் நடுவில் கேமராவில் எதுவும் மாறக் கூடாது. போனில் எல்லாம் தானியங்கி. கறுப்புக் கிருஷ்ணரை நடுவில் வைத்ததும் போன் தானாக வெளிச்சத்தை ஏற்றியது, சிவப்புப் பட்டுப் புடவை மீனாட்சி கல்யாண செட்டை வைத்ததும் வெள்ளைச் சமநிலையை மாற்றிப் பச்சையை நீலம் பக்கம் தள்ளியது. வெறும் படத்தின் எண்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் நான்கையும் கையால் பூட்டின பிறகுதான் சரியானது. வெளிச்சத்தையும் துணியின் எந்த இடத்திலும் எந்தச் சேனலும் 240 ஐத் தாண்டாத அளவுக்கு இறக்கி வைத்தேன். 255 இல் முட்டிப்போன எண்ணை எந்த வகுத்தலும் மீட்டுக் கொடுக்காது.

சரியாகிவிட்டதா என்று பார்க்கும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வெறும் படத்தை அதே வெறும் படத்தால் வகுத்துப் பார்த்து அழகாகச் சமமாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை, அது எப்போதும் சமமாகத்தான் வரும். அதனால் வெறும் துணியை இரண்டு படம் எடுக்கிறேன், காலையில் ஒன்று, வேலை நடுவில் ஒன்று. முதலாவதால் இரண்டாவதை வகுத்து, ஹ்யூ எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

```python
h = cv2.cvtColor(flat, cv2.COLOR_BGR2HSV)[..., 0]
print(np.percentile(h, [1, 99]))
```

முதல் நாள் ஏற்பாட்டில் இது 50 முதல் 71 வரை விரிந்திருந்தது. துணி, தள்ளி வைத்த பல்பு, வகுத்தல் எல்லாம் சேர்ந்த பிறகு 63 முதல் 67. இந்த எண் குறுகலாக இருந்தால்தான் எல்லையை இறுக்கமாகப் போட முடியும். நான் கடைசியாகப் போட்டது ஹ்யூ 57 முதல் 73, சாச்சுரேஷன் 90 க்கு மேல், வேல்யூ 30 க்கு மேல். 35 முதல் 85 என்று ஆரம்பித்ததைவிட இது எவ்வளவோ இறுக்கம், அதனால் பொம்மையில் இருக்கும் இலைப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சள் எல்லாம் தப்பித்தன.

வகுத்த படத்தை, பொம்மை இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கும் முகமூடியைச் செய்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், வியாபாரிக்கு அனுப்பும் படத்தின் நிறத்துக்கு வேண்டாம். பொம்மை துணியிலிருந்து 60 செ.மீ. முன்னால் நிற்கிறது, அதன் மேல் விழும் வெளிச்சம் வேறு, துணி மேல் விழுவது வேறு. துணியின் வெளிச்சத்தால் பொம்மையை வகுத்தால் பொம்மையின் நிறம் தப்பாகத்தான் வரும். மாமா முதல் படத்தைப் பார்த்ததுமே "நான் அடிச்ச வர்ணம் இது இல்லையேப்பா" என்றார். அவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. அதன் பிறகு முகமூடியை வகுத்த படத்திலிருந்து எடுத்து, அசல் படத்தின் மேல் வைத்தேன்.

பின்னணி நிறம் எது என்பதையும் பொம்மையைப் பார்த்து மாற்ற வேண்டியிருந்தது. கொலு பொம்மையில் இது தப்பிக்க முடியாத விஷயம்: மீனாட்சி பச்சை, ஆண்டாள் கையில் கிளி பச்சை, கிருஷ்ணர் நீலம், முருகனின் மயில் இரண்டும். பச்சை மேனிக்கு நீலத் துணி வாங்கினேன், மயிலுக்கு ராணி பிங்க். சிவப்புத் துணியை வேண்டுமென்றே தவிர்த்தேன், ஏனென்றால் சிவப்பின் ஹ்யூ 0 க்கும் 179 க்கும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும், இரண்டு `inRange` போட்டுச் சேர்க்க வேண்டும், அதோடு குங்குமமும் உதடும் பட்டுப் புடவையும் அதே நிறம். ஒவ்வொரு துணிக்கும் தனி வெறும் படம், தனி எல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பளபளப்பான இடங்களில் சின்ன ஓட்டைகள் விழுந்தன. வெள்ளை வார்னிஷில் துணி அப்படியே பிரதிபலித்தால் அது பச்சைதான், கேமரா பொய் சொல்லவில்லை. அதற்கு நிறத்தை விட்டு இடத்தைப் பார்த்தேன்: படத்தின் விளிம்போடு ஒட்டியிருக்கும் பச்சை மட்டும் பின்னணி, பொம்மைக்குள்ளே தீவாக நிற்கும் பச்சையைத் திரும்பப் பொம்மையோடு சேர்த்துவிடு. `cv2.connectedComponentsWithStats` இதைச் செய்யும். ஆனால் நடராஜரின் திருவாசிக்குள்ளும், இடுப்பில் கை வைத்த பொம்மையின் கை இடுக்கிலும் தெரிவது உண்மையான பின்னணி, அதுவும் தீவுதான். பரப்பை வைத்துப் பிரித்தேன், என் படங்களின் அளவுக்கு 400 புள்ளிக்குக் கீழே இருந்தால் ஓட்டை, மேலே இருந்தால் இடுக்கு. நிறத்தில் போட்ட எல்லையைப் போல இதற்குப் பின்னால் ஒரு காரணம் கிடையாது, பார்த்துப் பார்த்து வைத்த எண், அதனால் இந்த வழியில் போன எல்லாப் படத்தையும் கண்ணால் ஒருமுறை பார்த்துத்தான் அனுப்பினேன்.

ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகமூடியை ஒரு புள்ளி அளவு உள்பக்கம் சுருக்கி, லேசாக மங்கலாக்கி, நான்காவது சேனலாக வைத்துப் பிஎன்ஜியில் சேமித்தேன். படம் எடுக்கும்போதே ஜேபெக் தரத்தை முழுதாக வைத்தால் ஓரத்தில் படிக்கட்டு போல வருவது குறையும்.

340 இல் 329 பொம்மைகள் இப்படியே முடிந்தன. மீதி பதினொன்று, எல்லாமே தங்க வர்ணம் அடித்து மேலே கண்ணாடி வார்னிஷ் பூசினவை, அஷ்டலட்சுமி செட்டின் எட்டும் அதில் அடக்கம். மூன்று துணியும் வைத்துப் பார்த்தேன், எந்தத் துணி வைத்தாலும் அந்தத் துணியின் நிறத்தையே கிரீடத்திலும் கவசத்திலும் வாங்கிக்கொண்டன, விளிம்பு வரைக்கும் ஓடும் பெரிய பிரதிபலிப்பு என்பதால் தீவு கணக்கும் உதவவில்லை. அவற்றைக் கையால் வெட்டினேன். இந்த வருடம் மாமாவிடம் பேசி வைத்திருக்கிறேன், தங்க வர்ணப் பொம்மைகளுக்கு வார்னிஷ் பூசுவதற்கு முன்னாடியே படம் எடுத்துவிடுவது என்று.